உட்கணு வலியில் தொடங்கித் தட்டையாகும் பாதம்: பிரேஸா, எலும்பிணைப்பா?

"அம்மாவுக்கு 57 வயது. ஒன்றரை வருடமாக இடது கணுக்காலின் உட்புறம் வீக்கமும் வலியும். இப்போது அந்தப் பாதம் மட்டும் தட்டையாகிவிட்டது, செருப்பின் உள்ஓரம் தேய்கிறது. பின் டிபியல் தசைநாண் கிழிந்திருக்கிறது, இரண்டாம் நிலை என்று எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொன்னார்கள். ஒரு மருத்துவர் இன்சோலும் பிரேஸும் போதும் என்கிறார். இன்னொருவர் எலும்புகளை ஃப்யூஷன் செய்துவிடுவதே நல்லது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

எம்.ஆர்.ஐ. இதற்குப் பதில் சொல்லாது. உட்கார வைத்து, அம்மாவின் குதிகாலை ஒருவர் கையில் பிடித்து உள்நோக்கித் திருப்பிப் பார்க்க வேண்டும். சாய்ந்த குதிகால் நேராகிறது என்றால் ஃப்யூஷன் எனப்படும் எலும்பிணைப்பு பெரும்பாலும் முதல் தேர்வு அல்ல. எவ்வளவு முயன்றாலும் நேராகவில்லை என்றால், வளைவைத் தூக்கி நிறுத்தும் இன்சோல் அவருக்கு உதவாது. வலியைக் கூட்டவும் கூடும். பாதம் எவ்வளவு தட்டையாகத் தெரிகிறது என்பதைவிட, அது இன்னும் இளகி இருக்கிறதா, இறுகிவிட்டதா என்பதே சிகிச்சையைப் பிரிக்கும் கோடு. நான் பாத அறுவைச் சிகிச்சை செய்பவன். ஆனாலும் இந்த நோயோடு என்னிடம் வருகிறவர்களில் பலரை முதலில் பிரேஸ் செய்பவரிடம்தான் அனுப்புகிறேன். ஏன் என்று புரிய, அந்தத் தசைநாண் செய்யும் வேலையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

கெண்டைக்காலின் ஆழத்தில் எலும்பை ஒட்டிக் கிடக்கும் ஒரு தசை, கீழே வரும்போது கயிறாகத் திரண்டு, உட்கணுவின் பின்னால் வளைந்து, பாதத்தின் உட்புறத்தில் நாவிக்குலர் என்ற எலும்பில் முடிச்சுப் போடுகிறது. இன்னும் சில இழைகள் உள்ளங்கால் எலும்புகளுக்கும் ஓடுகின்றன. இந்தக் கயிறுதான் பின் டிபியல் தசைநாண். வளைவைத் தூக்கிப் பிடிப்பது இதன் வேலை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நிற்கும்போது வளைவைத் தாங்குவது பெரும்பாலும் எலும்புகளின் அமைப்பும், எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார்களும்தான். தசைநாணின் தனி வேலை, நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும் அந்த நொடியில் இருக்கிறது. அப்போது அது குதிகாலை உள்நோக்கி இழுக்கிறது. உடனே நடுப்பாத மூட்டுகள் பூட்டிக்கொண்டு, நெகிழ்வாக இருந்த பாதம் ஒரு கட்டையாக இறுகுகிறது. அந்தக் கட்டையை நெம்புகோலாக வைத்துத்தான் கெண்டைக்காலின் பெருந்தசை உடலை முன்னே தள்ளுகிறது. பூட்டு விழாவிட்டால் அதே பெருந்தசையின் இழுப்பு நடுப்பாதத்தை உடைத்துத் தட்டையாக்கும் விசையாக மாறிவிடுகிறது. ஒவ்வொரு அடியிலும் இது நடக்கிறது.

இந்தக் கயிறு இழுக்கும் தூரம் மிகக் குறைவு, சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். அதனால் முழுவதும் அறுந்து போக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சென்டிமீட்டர் நீண்டு தொய்ந்தாலே அதன் பலன் ஏறக்குறையப் போய்விடும். எம்.ஆர்.ஐ.யில் தசைநாண் தொடர்ச்சியாகத் தெரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பப்பட்டு, பாதம் மட்டும் மாதாமாதம் சரிந்துகொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்கணுவின் பின்னால் அது வளையும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு, எலும்போடு உராய்வதும் அங்கேதான். தேய்மானம் அங்கே தொடங்குகிறது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம்; உடல் எடை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஸ்டீராய்டு மருந்துகள், முடக்குவாதம் ஆகியவை இதற்குத் துணை போகின்றன.

இனி நிலைகள். ஜான்சன், ஸ்ட்ரோம் என்ற இருவர் 1989இல் மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். நான்காவதைப் பின்னர் மையர்சன் சேர்த்தார். முதல் நிலையில் தசைநாண் வீங்கி வலிக்கிறது, ஆனால் நீளவில்லை. பாதத்தின் வடிவம் மாறவில்லை. இரண்டாம் நிலையில் அது நீண்டுவிட்டது. நிற்கும்போது குதிகால் வெளிப்பக்கம் சாய்கிறது, வளைவு விழுகிறது, பாதத்தின் முன்பகுதி வெளிநோக்கித் திரும்புகிறது. ஆனால் கையால் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியும். மூன்றாம் நிலையில் அதே கோணல் இறுகிப்போய்விட்டது, மூட்டுகளில் தேய்மானம் வந்திருக்கும். நான்காவதில் கணுக்கால் மூட்டே சாயத் தொடங்கிவிடும். 2020இல் பாத அறுவை மருத்துவர்களின் குழு ஒன்று பெயரையே மாற்றி, படிப்படியாகச் சரியும் பாதக் கோணல் என்ற பொருளில் புதிய பெயர் வைத்தது. நோய் வெறும் தசைநாணுடையது அல்ல, அதைத் தாங்கும் தசைநார்களும் சேர்ந்து தளர்கின்றன என்பதே அதற்குக் காரணம். அந்தப் புதிய முறையிலும் முதல் கேள்வி மாறவில்லை: இளகிய கோணலா, இறுகிய கோணலா?

வீட்டிலேயே இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். அம்மாவை வெறுங்காலுடன், முழங்காலுக்குக் கீழ் முழுதும் தெரியும்படி நிற்கச் சொல்லி, பின்னால் நான்கைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். நல்ல காலில் வெளிப்பக்கம் ஒன்றோ ஒன்றரையோ விரல்கள் எட்டிப் பார்க்கும். நோயுற்ற காலில் மூன்று நான்கு விரல்கள் தெரிந்தால், பாதம் வெளியே திரும்பிவிட்டது என்று பொருள்.

அடுத்தது ஒற்றைக் குதிகால் சோதனை. சுவரில் விரல் நுனிகளை மட்டும் வைத்து, ஒரு காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். நல்ல காலில் முதலில் செய்யவைத்துப் பாருங்கள்: குதிகால் எழும்போது மெல்ல உள்நோக்கித் திரும்பும். நான் சொன்ன பூட்டு விழுவது அதுதான். நோயுற்ற காலில் மூன்றில் ஒன்று நடக்கும். குதிகால் எழும், ஆனால் நாலைந்து முறைக்குள் வலித்து நின்றுவிடும். இது பெரும்பாலும் தொடக்கநிலை. அல்லது எழும், ஆனால் உள்நோக்கித் திரும்பாமல் சாய்ந்தபடியே எழும். அல்லது எழவே எழாது. சிலர் முழங்காலை மடக்கியும், கையால் சுவரை அழுத்தியும் எழுந்ததுபோல் காட்டிவிடுவார்கள்; முழங்காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். வலி கடுமையாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம்.

இந்த இரண்டும் தசைநாண் செயலிழந்ததைக் காட்டும். பாதம் இளகியிருக்கிறதா என்பதைக் காட்டாது. அதைத் தேர்ந்த கைதான் பார்க்க வேண்டும், ஏனெனில் குதிகாலை நேராக்கும்போது கட்டைவிரல் பக்கம் என்ன ஆகிறது என்பதையும் கூடவே கவனிக்க வேண்டும். நாள்பட்ட கோணலில், குதிகாலை நேராக்கினால் பாதத்தின் முன்பகுதி திருகி, பெருவிரல் பக்கம் தரையை விட்டு அந்தரத்தில் நிற்கும். அது எவ்வளவு நிற்கிறது, அழுத்தினால் இறங்குகிறதா என்பது பிரேஸ் செய்பவருக்கும் வேண்டும், அறுவை செய்பவருக்கும் வேண்டும்.

வேறொரு நோயை இதோடு குழப்பிவிடக் கூடாது. அம்மாவுக்கு நீரிழிவு இருந்து, பாதம் மரத்துப்போய், சிவந்து சூடாக வீங்கியிருந்தால், அது எலும்புகளே நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். வலி குறைவாக இருப்பதால் பலர் அலட்சியமாக நடந்துகொண்டே இருப்பார்கள். அதில் முதல் வேலை, காலை ஊன்றாமல் கட்டுப்போட்டுப் பாதுகாப்பது. இந்தப் பதிலில் மற்ற எதுவும் அந்தப் பாதத்துக்குப் பொருந்தாது.

பிரேஸ் விஷயத்துக்கு வருகிறேன். வலியும் வீக்கமும் உச்சத்தில் இருந்தால் முதலில் நான்கிலிருந்து ஆறு வாரம் மாவுக்கட்டோ, முழங்காலுக்குக் கீழ்வரை வரும் நடைபூட்ஸோ போட்டுத் தசைநாணுக்கு ஓய்வு கொடுக்கிறோம். பிறகு முதல் நிலைக்கு, உள்பக்கம் உயர்த்தப்பட்ட, குதிகாலை ஆழமாகப் பற்றும், சற்றுக் கெட்டியான இன்சோல் போதும். மென்மையான ஜெல் இன்சோல் காலுக்கு இதமாக இருக்கும்; ஆனால் உடலின் எடை ஏறியதும் நசுங்கிவிடும், குதிகாலைத் திருப்பும் பலம் அதற்கு இல்லை. இரண்டாம் நிலையில் இன்சோல் மட்டும் பலருக்குப் போதாது, குதிகால் சாய்வது கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டில் என்பதால் பிடி கணுக்காலுக்கு மேலும் ஏற வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் ஓடு வைத்த, கயிறு கட்டும் தோல் பிரேஸ் ஒரு வகை. கெண்டைக்கால்வரை போகும் கீல் வைத்த பிளாஸ்டிக் பிரேஸ் இன்னொரு வகை. கீல் இருப்பதால் கணுக்கால் மேலும் கீழும் அசையும், பக்கவாட்டில் மட்டும் சாயாது.

எந்த வகை என்பதைவிட, அளவெடுக்கும்போது காலை எந்த நிலையில் பிடித்து எடுத்தார்கள் என்பதே முக்கியம். பாதத்தைத் தரையில் ஊன்றி நிற்கவைத்து அச்சு எடுத்தால், சரிந்த பாதத்துக்குப் பொருத்தமான சரிந்த பிரேஸ்தான் கிடைக்கும். தொங்கவிட்ட காலில், குதிகாலை நேராக்கிப் பிடித்துக்கொண்டு அச்சு எடுக்க வேண்டும். பிரேஸ் வந்ததும் அதைப் போட்டு நிற்கவைத்து மறுபடியும் பின்னால் நின்று பாருங்கள். குதிகால் நேராகியிருக்கிறதா? பிரேஸுக்குள்ளும் சாய்ந்தே நின்றால் அந்தப் பிரேஸ் வேலை செய்யவில்லை, திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். அரைமணி நேரம் நடந்தபின் கழற்றிப் பாருங்கள். உட்கணுவின் மேலோ நாவிக்குலர் எலும்பின் முனையிலோ சிவந்த தடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால், அந்த இடத்தைத் தளர்த்த வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இதை நாள்தோறும் பார்ப்பது அவசியம்.

இறுகிய பாதத்துக்கு இதே தர்க்கம் தலைகீழ். அங்கே பிரேஸ் திருத்த முயலக் கூடாது. கோணல் இருக்கிறபடியே ஏந்திக்கொண்டு, அசைவை மட்டும் குறைக்க வேண்டும். திரும்பாத எலும்பின் அடியில் கெட்டியான வளைவை வைத்தால், அது எலும்பைத் தூக்காது, தோலைத்தான் குத்தும். இன்சோல் போட்டதிலிருந்து வலி கூடிவிட்டது என்று சொல்பவர்களில் கணிசமானோர் இந்த வகை.

பிரேஸோடு பயிற்சியும் சேர வேண்டும். தசைநாணைச் சுருங்கவைத்து இழுப்பதைவிட, இழுத்த நிலையிலிருந்து மெதுவாக விட்டுக்கொடுக்கும் பயிற்சியே அதிகம் உதவுகிறது: ரப்பர் பட்டையின் இழுப்பை எதிர்த்துப் பாதத்தை உள்நோக்கிப் பிடித்து, பின் அதன் போக்கில் மெல்ல வெளியே விடுவது. முதல், இரண்டாம் நிலையில் இருந்த 36 பேரிடம் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. எல்லாருக்கும் இன்சோலும் கெண்டைக்கால் நீட்டலும் கொடுத்தார்கள். அதற்கு மேல் இந்தப் பயிற்சியைச் செய்த குழுவே மற்றவர்களைவிட முன்னேறியது. கெண்டைக்கால் நீட்டலில் ஒரு பிழை நேர்வதுண்டு. வெறுங்காலில் சுவரைத் தள்ளி நின்றால் கணுக்கால் மடங்காமல் விழுந்த வளைவுதான் மேலும் மடங்கும். நீட்டல் நடந்ததுபோல் இருக்கும், பாதம் மோசமாகும். இன்சோல் வைத்த ஷூ போட்டுக்கொண்டு, பாதம் வெளியே திரும்பாமல், முழங்கால் நேராக வைத்துச் செய்ய வேண்டும்.

வீங்கிய இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று கேட்பார்கள். நான் போடுவதில்லை. வலி குறையும், கூடவே ஏற்கெனவே நைந்த தசைநாண் முழுதும் அறுந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது.

எத்தனை நாள் பொறுக்கலாம்? சரியாகப் பொருந்திய பிரேஸுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் கொடுக்கலாம். இடையில் ஓர் அறிகுறியைக் கவனிக்க வேண்டும்: உட்பக்க வலி தானாகக் குறைந்து, வெளிக்கணுவின் கீழே புதிதாக வலி தொடங்குவது. நோயாளிகள் இதைக் குணமாகும் அறிகுறி என்று நினைத்து மகிழ்ச்சியோடு சொல்வார்கள். உண்மையில் அறுந்த தசைநாண் வலிப்பதை நிறுத்திவிட்டது. சாய்ந்த குதிகால் எலும்பு வெளிக்கணுவின் நுனியோடு இடிக்கத் தொடங்கிவிட்டது. நோய் ஒரு படி முற்றிவிட்டது.

அப்படி ஒருவரை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் அம்மா இருக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். 54 வயதுப் பெண், நாள் முழுவதும் நின்று பாடம் நடத்தும் ஆசிரியை, எடை 82 கிலோ. படியில் கால் பிசகியதாக நினைத்து எட்டு மாதம் க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தபோது இடதுகாலில் ஒற்றைக் குதிகாலைத் தூக்க முடியவில்லை; வலதுகாலில் பத்து முறை செய்தார். குதிகால் கையில் முழுதும் நேரானது. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில், குதிகால் எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் டாலஸ் எலும்பின் உருண்டையான தலையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி நாவிக்குலரின் குழியை விட்டு உள்பக்கம் வெளியே வந்திருந்தது. சாதாரணப் பாதத்தில் அது பெரும்பாலும் மூடியே இருக்கும். இந்த மூடாத அளவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரண்டாம் நிலையிலேயே கடுமையான பிரிவு என்று கொள்கிறோம்.

கீல் வைத்த பிரேஸ் கொடுத்தேன். ஐந்து மாதம் ஒழுங்காகப் போட்டார். உட்பக்க வலி போனது; வெளிக்கணு வலி வந்தது. பிரேஸைக் கழற்றினால் பத்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. வாழ்நாள் முழுதும் பிரேஸோடு இருப்பதும் ஒரு வழிதான், அதில் தவறில்லை என்று சொன்னேன். அவர் அறுவையைத் தேர்ந்தார்.

இங்கே யாருக்கும் முதலில் தோன்றும் யோசனை, கிழிந்த தசைநாணைத் தைத்துவிடலாமே என்பது. அது நிற்காது. அதற்குப் பதிலாகப் பக்கத்திலேயே ஓடும், பெருவிரல் தவிர மற்ற விரல்களை மடக்கும் தசைநாணை உள்ளங்காலில் வெட்டியெடுத்து, நாவிக்குலர் எலும்பில் துளை போட்டு நுழைத்துக் கட்டுகிறோம். விரல்களை மடக்கும் வேலையைப் பாதத்தின் மற்றத் தசைகள் ஓரளவு ஏற்றுக்கொள்வதால் நடப்பவருக்கு இழப்பு அதிகம் தெரியாது. ஆனால் அந்தத் தசையின் பலம் பழையதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. சரிந்த பாதத்தில் இதை மட்டும் மாட்டிவிட்டால் சில ஆண்டுகளில் அதுவும் நீண்டுவிடும். அதனால்தான் கூடவே எலும்பையும் வெட்டி, அந்தச் சிறிய தசை வெல்லக்கூடிய நிலையில் பாதத்தை வைக்க வேண்டியிருக்கிறது. மூட்டைத் தொடாமல் எலும்பை வெட்டுவது. இதற்கும் எலும்பிணைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஆசிரியைக்குக் குதிகால் எலும்பின் பின்பகுதியைச் சாய்வாக அறுத்து, அந்தத் துண்டை ஒரு சென்டிமீட்டர் உள்நோக்கித் தள்ளி, இரண்டு ஸ்க்ரூ போட்டேன். கெண்டைக்காலின் பெருந்தசை குதிகாலில் சேரும் குதிகால்நாணின் இழுப்பு அதோடு உள்பக்கம் வந்துவிடுகிறது. முன்பு பாதத்தைச் சரித்த அதே விசை இப்போது நிமிர்த்த உதவுகிறது. முன்பகுதி வெளியே திரும்பியிருந்ததால் அது மட்டும் போதவில்லை. குதிகால் எலும்பின் முன்பகுதியில், பாதத்தின் வெளிப்பக்கத்தில் உள்ள கியூபாய்டு எலும்போடு சேரும் மூட்டுக்குச் சற்றுப் பின்னால் அறுத்து, 7 மில்லிமீட்டர் எலும்பு ஆப்பு வைத்து வெளிப்பக்கத்தை நீட்டினேன். 10 மில்லிமீட்டர் ஆப்பை முதலில் வைத்துப் பார்த்தபோது எக்ஸ்ரே மிக அழகாக இருந்தது. ஆனால் பாதத்தைக் கையால் வெளிநோக்கித் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரேயை அழகாக்க நினைத்து ஆப்பைப் பெரிதாக்கினால் வெளிஓரம் இறுகி, பின்னால் அவர் பாதத்தின் வெளிவிளிம்பில் நடந்து வலியோடு வருவார். கொஞ்சம் குறைவாகத் திருத்தி விடுவது பரவாயில்லை, அதிகமாகத் திருத்தினால் மன்னிப்பில்லை.

குதிகால் நேரானதும் பெருவிரல் பக்கம் தூக்கி நின்றது. நாவிக்குலருக்கு முன்னால் பெருவிரல் பக்கம் இருக்கும் உட்பக்கக் கியூனிஃபார்ம் எலும்பின் மேற்புறத்தில் அறுத்து இன்னொரு சிறிய ஆப்பு வைத்து அதைக் கீழே இறக்கினேன். இதைச் செய்யாமல் விட்டால், பெருவிரல் தரையைத் தொடுவதற்காகக் குதிகால் மறுபடியும் சாய்ந்துகொள்ளும். கெண்டைக்கால் இறுக்கமாக இருந்ததால் அங்கும் தளர்த்த வேண்டியிருந்தது. டாலஸின் தலையை அடியில் தாங்கும், தளர்ந்திருந்த ஸ்பிரிங் தசைநாரையும் மடித்துத் தைத்தேன்.

அறுவையை விட மீட்சியைப் பற்றித்தான் முன்கூட்டியே அதிகம் பேச வேண்டும். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. அதன்பின் பூட்ஸில் மெல்ல மெல்லப் பாரம் ஏற்றி, பன்னிரண்டாவது வாரத்தில் கெட்டியான ஷூவும் இன்சோலும். ஊன்றாத வாரங்களில் காலில் இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் அதற்கான மருந்து தேவையா என்று பார்க்க வேண்டும். அவர் நான்கு மாதத்தில் வகுப்புக்குத் திரும்பினார், நாற்காலியோடு. ஒன்பதாவது மாதத்தில் ஒற்றைக் குதிகாலை முதல்முறை தூக்கினார், முழு உயரம் இல்லை. மாலை நேர வீக்கம் ஓராண்டு வரை இருந்தது. மேடுபள்ளமான தரையில் வெளிஓரம் கொஞ்சம் இறுக்கம் என்று இன்றும் சொல்கிறார். பாதம் சாதாரணமானதாக ஆகவில்லை. வலியில்லாமல் பிரேஸ் இல்லாமல் நிற்கிறார்.

இனி ஃப்யூஷன். இறுகிய பாதத்தில் ஆப்பும் தசைநாண் மாற்றமும் பலன் தராது, அசையாத மூட்டை எந்தத் தசையும் நிமிர்த்தாது. அங்கே மூட்டுகளின் குருத்தெலும்பைச் சுரண்டியெடுத்து, பாதத்தை நேராக்கி, ஸ்க்ரூ போட்டு, எலும்பும் எலும்பும் ஒன்றாக வளரவிடுகிறோம். வழக்கமான மூன்று மூட்டு இணைப்பில் குதிகாலுக்கும் டாலஸுக்கும் இடையே ஒன்று, டாலஸுக்கும் நாவிக்குலருக்கும் இடையே ஒன்று, குதிகாலுக்கும் கியூபாய்டுக்கும் இடையே ஒன்று. இப்போது பலரும் மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் உட்பக்கக் கீறல் வழியே இணைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெளியே சாய்ந்த பாதத்தில் வெளிப்பக்கத் தோல் சுருங்கியிருக்கும். அங்கே கீறி, பாதத்தை நேராக்கினால் தோல் இழுபட்டுப் புண் ஆறாமல் போகலாம். உட்பக்கத் தோல் நீண்டு கிடப்பதால் மூடுவது எளிது.

குதிகாலைச் சுமார் 5 டிகிரி வெளிச்சாய்வில் வைத்து இணைக்கிறோம். உள்நோக்கிச் சாய்ந்து இணைந்துவிட்டால், தட்டைப்பாதத்தைவிட அது மோசமான நடை. எலும்பு சேராமல் போகும் தொல்லை அதிகம் நேர்வது டாலஸ்–நாவிக்குலர் மூட்டில்தான். புகைப்பவர்களிடமும் சர்க்கரை கட்டுப்படாதவர்களிடமும் கூடுதல். மூன்று, நான்கு மாதத்துக்குப் பிறகும் அந்த இடத்தை அழுத்தினால் வலி, நடந்தால் வீக்கம் என்றால் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். சாதாரண எக்ஸ்ரே ஏமாற்றும்.

இதன் விலை என்ன? கணுக்கால் மேலும் கீழும் அசைவது நீடிக்கும், அதனால் சமதரையில் நடை பலருக்கு நன்றாகவே இருக்கும். பக்கவாட்டு அசைவு போய்விடும். டாலஸ்–நாவிக்குலர் ஒன்றை மட்டும் இணைத்தாலே மற்ற இரு மூட்டுகளில் மிஞ்சும் அசைவு ஓரிரு டிகிரிதான். கல்லும் சரளையுமான இடத்தில் பாதம் தரைக்கேற்ப வளைந்துகொடுக்காது. அந்த வேலையைக் கணுக்கால் ஏற்பதால், பல ஆண்டுகளுக்குப் பின் அங்கே தேய்மானம் வருவதுண்டு. இளகிய பாதத்தை இணைக்கத் தயங்குவது இதனால்தான். ஆனால் இரண்டாவது மருத்துவரைத் தவறென்று சொல்லிவிடவும் மாட்டேன். மூட்டுகளில் ஏற்கெனவே தேய்மானம் தெரிந்தாலோ, முடக்குவாதம் இருந்தாலோ, உடல் எடை மிக அதிகமாக இருந்தாலோ, மூட்டு இளகியிருந்தும் இணைப்பைத் தேர்ந்தெடுக்க நியாயம் உண்டு. எடை அதிகமானால் சிறிய தசைநாண் தாக்குப்பிடிப்பது கடினம்.

நான்காம் நிலையைப் பற்றி ஒன்று மட்டும். பாதத்தின் எக்ஸ்ரேயை மட்டும் எடுத்துவிட்டுக் கணுக்காலை மறந்தால் அது தப்பிவிடும். நின்றபடி எடுத்த கணுக்கால் படத்தில் டாலஸ் சாய்ந்திருந்தால், கணுக்காலை உட்பக்கம் பிடித்திருக்கும் டெல்டாய்டு தசைநாரும் போய்விட்டது. பாதத்தை நேராக்குவதோடு அந்தத் தசைநாரையும் சீர்செய்ய வேண்டும். கணுக்காலும் தேய்ந்திருந்தால் அதையும் இணைப்பதோ செயற்கை மூட்டு வைப்பதோ என்று பேச்சு வேறு திசைக்குப் போகும்.

ஆகவே அம்மாவின் எக்ஸ்ரேக்கள் படுத்தபடி எடுத்தவையா, நின்றபடி எடுத்தவையா என்று முதலில் பாருங்கள். படுத்தபடி எடுத்தவை என்றால் இரு பாதங்களுக்கும் கணுக்கால்களுக்கும் நின்றபடி புதிதாக எடுத்துக்கொண்டு இரு மருத்துவர்களிடமும் போங்கள். குதிகால் கையில் முழுதும் நேராகிறதா, நேராக்கியபின் பெருவிரல் பக்கம் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று இருவரிடமும் கேளுங்கள். நேராகவில்லை என்று இருவருமே சொன்னால், முதல் மருத்துவரிடம் பிரேஸ் திருத்துவதற்கா, ஏந்துவதற்கா என்று கேட்க வேண்டும். நேராகிறது என்றால், மூட்டைத் தொடாமல் எலும்பை மட்டும் வெட்டித் திருத்தும் வழி அம்மாவுக்கு ஏன் பொருந்தாது என்பதை இரண்டாமவரிடம் கேளுங்கள். நான் மேலே சொன்ன காரணங்களில் ஒன்றை அவர் காட்டினால் அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது.